பாட்காஸ்ட் தொடக்க இசை: 10 விநாடி, இலவசக் கருவிகள், உரிமச் சிக்கல் வராமல் எப்படி?

ஏரிக்கரை
வணக்கம். ஏரி, கண்மாய், குளம் பற்றி நானும் நண்பரும் வாரம் ஒருமுறை 25 நிமிடம் பேசும் பாட்காஸ்ட் தொடங்கப் போகிறோம். பெயர் "மதகடி". ஆரம்பத்தில் ஒரு சின்ன இசைத்துண்டு வேண்டும். அதன் மேல் "மதகடி, தண்ணீர் தேங்கிய இடங்களின் கதை" என்று ஒரு வரி குரலில் வரும். கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப், யூஎஸ்பி மைக். ஆடாசிட்டியில் வெட்டி ஒட்டத் தெரியும். கீபோர்டில் நாலு சுரம் வாசிப்பேன், அவ்வளவுதான். பணம் செலவழிக்க வழியில்லை.

எவ்வளவு நீளம் சரி? இலவச இசைத் தளத்திலிருந்து எடுப்பதா, நாமே செய்வதா? Freesound தளத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் எடுத்துப் போட்டால் பிரச்சினை வருமா?

தம்பி டிஜே
ப்ரோ சிம்பிள். உங்களுக்குப் பிடிச்ச சினிமா பிஜிஎம்ல ஒரு 8 செகண்ட் எடுத்துப் போடுங்க. 10 செகண்டுக்குக் கீழ இருந்தா காப்பிரைட் வராது. ஃபைனலா Normalize குடுத்து 0 dBக்கு ஏத்திட்டா சவுண்டு சும்மா அதிரும்.

சட்டப்புள்ளி
தம்பி, அந்த "10 விநாடி" விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. 30 விநாடி என்றும் சிலர் சொல்வார்கள், அதுவும் கிடையாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு விமர்சனம், நடப்புச் செய்தி, சொந்தப் பயன்பாடு போன்ற சில நோக்கங்களுக்கு விலக்கு தருகிறது. விநாடிக் கணக்கு அதில் எங்கும் இல்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அடையாள இசையாக வைப்பதை விமர்சனம் என்று யாரிடமும் வாதாட முடியாது.

இன்னொன்று: திரைப்பட இசையில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டுக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. மெட்டை நீங்களே கீபோர்டில் வாசித்தால் இரண்டாவதிலிருந்து தப்பலாம், முதலாவதிலிருந்து முடியாது. பழைய கீர்த்தனைக்கு இது தலைகீழ். தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவருடைய கீர்த்தனை யாருக்கும் பொது. ஆனால் அதை யாரோ பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு அப்படியல்ல, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு ஓட வேண்டும்.

மிக்ஸர் மணி
நீளத்தை இசையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், குரலிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த ஒரு வரியை முதலில் பதிவு செய்து, ஆடாசிட்டியில் தேர்வு செய்து எத்தனை விநாடி என்று பாருங்கள். "மதகடி" சொல்லி ஒரு மூச்சு விட்டு மீதியைச் சொன்னால் ஏறக்குறைய 4 விநாடி வரும். இதுதான் அளவுகோல். இசையை முதலில் செய்துவிட்டுக் குரலை அதற்குள் திணித்தால், கடைசிச் சொல் "கதை"யை அவசரமாக விழுங்கிப் பேசுவீர்கள். கேட்பவருக்கு அது உடனே தெரியும்.

அடுத்து வேகம். நான்கு அடி தாளத்தில் ஒரு ஆவர்த்தத்தின் நீளம் விநாடியில் இப்படி:

```
240 / BPM
```

96 BPM வைத்தால் ஓர் ஆவர்த்தம் சரியாக 2.5 விநாடி. நான்கு ஆவர்த்தம் 10 விநாடி. முதல் ஆவர்த்தத்தில் மெட்டு மட்டும். இரண்டு, மூன்றில் மெட்டு நின்றுவிடும், பின்னணி மட்டும் ஓடும், அதன் மேல் குரல். அங்கே கிடைப்பது 5 விநாடி, உங்கள் வரி 4, முன்னும் பின்னும் அரை விநாடி காற்றோட்டம். நான்காவதில் மெட்டு முடிந்து, அதன் ரீங்காரம் அடங்கும்போதே நீங்கள் "வணக்கம்" சொல்லலாம்.

120 BPMஇல் இதே அமைப்பு 8 விநாடி, குரலுக்கு 4 மட்டும்தான். சொல் சுவரில் முட்டும். தவிர, கண்மாய் பற்றிய நிகழ்ச்சிக்கு அந்த வேகம் எதற்கு?

கீபோர்டு கலா
மணி அண்ணன் சொன்ன அமைப்புக்கு மேல, தொனி பத்திச் சொல்றேன்.

தமிழ் நிகழ்ச்சின்னாலே புல்லாங்குழல், வயலின், சிதார்னு கை போகும். வாத்திய ஒலிகளைத் தொகுத்து வெச்ச இலவச சவுண்ட்ஃபான்ட் கோப்புல அதைச் செய்யாதீங்க. அந்த வாத்தியங்களுக்கு உயிரே கமகத்துல இருக்கு. கீபோர்டுல அமுக்கினா சுரம் கம்பி மாதிரி நேரா நிக்கும், பழைய செல்போன் ரிங்டோன் வாசம் வந்துடும். தட்டுற, மீட்டுற வாத்தியமா எடுங்க: மரிம்பா, கலிம்பா, வைப்ரஃபோன். அதுல நிஜ வாத்தியமே சுரத்தை வளைக்காது, அதனால போலின்னு காதுக்குப் பிடிபடாது. தண்ணி சம்பந்தப்பட்ட விஷயத்துக்குக் கலிம்பா ஒட்டும்.

மோகனத்துல போங்க. ஸ ரி க ப த, அஞ்சே சுரம், எதை எதோட வெச்சாலும் உரசாது. உதாரணத்துக்கு ஒண்ணு:

முதல் ஆவர்த்தம்: ஸ ரி க ப நாலும் அரை அடி, அப்புறம் த ஒரு அடி, ப ஒரு அடி. மொத்தம் நாலு அடி.
நாலாவது ஆவர்த்தம்: க ரி அரை அரை அடி, ஸ மூணு அடி நீட்டம்.

முதல்ல கேள்வி மாதிரி 'ப'ல தொங்கும், கடைசியில ஸட்ஜத்துல வந்து உட்காரும். அந்தத் தொங்கல்ல உங்க குரல் வந்தா கேக்கறவங்க காத்திருப்பாங்க. ரெண்டாவது, மூணாவதுல கீழ ஸ-ப ரெண்டு சுரத்தையும் மெல்லிசா, நீண்டு ஒலிக்குற ஒரு பேட் ஓசையில பிடிச்சு வைங்க, போதும்.

ஸட்ஜத்தை நடு C-ல (262 Hz) வைக்காம ஒரு ஸ்தாயி மேல, 523 Hz-ல வைங்க. போன் ஸ்பீக்கர்ல கீழ்ஸ்தாயி பாதி காணாமப் போயிடும்.

ஏரிக்கரை
இது அருமை, கலா. எந்த மென்பொருளில் செய்வது? ஆடாசிட்டியில் சுரம் எழுத முடியாதே.

மிக்ஸர் மணி
LMMS போதும். இலவசம், விண்டோஸில் ஓடும். அதில் SF2 Player என்ற கருவியை Song Editorக்கு இழுத்துப் போட்டு ஒரு சவுண்ட்ஃபான்ட் கோப்பைத் திறங்கள். FluidR3 GM எடுத்துக்கொள்ளலாம், அது MIT உரிமத்தில் வருகிறது, அதில் செய்த இசையை எங்கும் பயன்படுத்தலாம். வாத்தியப் பட்டியலில் Kalimba என்று பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேலே Tempo 96. Piano Rollஇல் கலா சொன்ன சுரங்களை வரையுங்கள்.

வரைந்ததும் எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும், அதுதான் இயந்திரத்தனமாகக் கேட்பதற்கு முதல் காரணம். Piano Rollஇன் அடியில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கம்பம் இருக்கும். முதல் சுரத்தையும் 'த'வையும் உயர விட்டு, மற்றவற்றை அதில் முக்கால்வாசிக்கு இறக்குங்கள். விரல் வாசித்ததுபோல் வந்துவிடும்.

நிலையான LMMS பதிப்பில் மைக் பதிவு கிடையாது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இசையை 44100 Hz WAV ஆக வெளியெடுத்து ஆடாசிட்டியில் குரலோடு சேர்ப்பதுதான் வழி. MP3 ஆக வெளியெடுக்காதீர்கள். அத்தியாயம் கடைசியில் எப்படியும் MP3 ஆகும். இரண்டு முறை சுருக்கினால் கலிம்பாவின் அந்த "டிங்" முனை மழுங்கிச் சலசலக்கும்.

ஐபோன் அருள்
நான் போனில் மட்டும்தான் செய்கிறேன். GarageBandஇல் ஆப்பிள் லூப் நாலை அடுக்கினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இதற்கு ஏன் சுரம் வரைந்துகொண்டு?

சட்டப்புள்ளி
அருள், உரிமம் பொறுத்தவரை அது சரியான வழிதான். உங்கள் சொந்த ஒலி, ஒளிப் படைப்பில் அந்த லூப்களைத் தனிக்கட்டணமின்றிப் பயன்படுத்த ஆப்பிள் அனுமதிக்கிறது. லூப்பைத் தனியாகப் பகிரவோ விற்கவோதான் கூடாது. சிக்கல் வேறிடத்தில்: அதே லூப் உலகத்தில் எல்லோர் கையிலும் இருக்கிறது. இன்னொரு நிகழ்ச்சியும் அதே நான்கு லூப்போடு தொடங்கினால் நீங்கள் ஒன்றும் சொல்ல முடியாது.

லோகோ லதா
மூணு செகண்டு அனிமேஷனோட லோகோ சுத்தி வர மாதிரி பண்ணணும்னா எந்த ஆப்? இலவசமா டெம்ப்ளேட் கிடைக்குமா?

கீபோர்டு கலா
லதா, இங்க கேள்வி ஒலிக்கு மட்டும்மா. படத்துக்குத் தனி இழை போடுங்க.

லோகோ லதா
ஓ சரிங்க. ஆனா நாங்க யூடியூப்லயும் அத்தியாயத்தைப் போடுறோம், யாரும் நிபந்தனையில்லாம பயன்படுத்தலாம்னு CC0 உரிமம் போட்டிருந்த லூப்தான் வெச்சோம், அதுக்கும் உரிமைகோரல் வந்துச்சு. அது எப்படின்னு யாராச்சும் சொல்லுங்க.

சட்டப்புள்ளி
இது அடிக்கடி நடப்பது. அந்த CC0 லூப்பை வேறொருவர் தன் பாட்டில் போட்டு, பாட்டை விநியோகஸ்தர் வழியாக, யூடியூப்பில் ஒலியை ஒப்பிட்டு உரிமை கோரும் கன்டென்ட் ஐடியில் பதிவு செய்திருப்பார். இயந்திரத்துக்கு உரிமம் தெரியாது, அலைவடிவம்தான் தெரியும். உங்கள் வீடியோவில் அதே லூப் கேட்டதும் அவருடைய பாட்டு என்று முத்திரை குத்திவிடும். மறுப்புப் படிவத்தில் லூப்பின் மூலப் பக்க முகவரி, உரிமம், பதிவிறக்கிய தேதி மூன்றையும் எழுதுங்கள். பெரும்பாலும் விலகும், ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் வந்தால் சலிப்பாகிவிடும்.

ஏரிக்கரைக்கு இதிலிருந்து ஒன்று: கலா சொன்னபடி சுரம் வரைந்து செய்தால் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஏனென்றால் அந்த அலைவடிவம் வேறு யாரிடமும் இல்லை.

தண்ணீர்ச் சத்தத்துக்கு வருகிறேன். Freesoundஇல் ஒவ்வொரு ஒலிக்கும் தனி உரிமம். தேடலிலேயே வடிகட்டி CC0 மட்டும் பாருங்கள். Attribution என்றால் ஒலியின் பெயர், பதிவேற்றியவர், பக்க முகவரி, உரிமம் நான்கையும் அத்தியாயக் குறிப்பில் எழுத வேண்டும், வாராவாரம். NonCommercial பக்கமே போகாதீர்கள்.

தம்பி டிஜே
அவங்கதான் காசு வாங்கலையே, NonCommercial ஓகேதானே?

சட்டப்புள்ளி
இன்றைக்குச் சரி. அடுத்த வருடம் ஒரு விதைக் கடைக்காரர் ஆதரவு தருகிறேன் என்று வந்தால்? பழைய 40 அத்தியாயங்களிலும் அந்த ஒலி இருக்கும், விளம்பரம் அவற்றிலும் ஓடும். அதற்குப்பின் ஒவ்வொரு கோப்பாக மாற்ற யார் உட்காருவார்கள்?

கீபோர்டு கலா
தண்ணிச் சத்தத்துல இசைப் பக்கமா ஒரு எச்சரிக்கை. ஓடுற தண்ணி, அருவி, மழை எல்லாம் காதுக்கு ஒரே இரைச்சல். படம் இல்லாம கேட்டா ட்யூனாகாத ரேடியோ மாதிரி "ஷ்ஷ்"ன்னு இருக்கும். 64 kbps மோனோ MP3 ஆனா இன்னும் மோசம், இரைச்சல் குழம்பிச் சுழலும். குரலுக்கு அடியில வெச்சா ச, ஸ எழுத்தெல்லாம் முழுகிடும்.

ஒத்தைச் சொட்டு, இல்லன்னா குடம் மூழ்குற "க்ளுக்" மாதிரி தொடக்கமும் முடிவும் இருக்குற சத்தமா எடுங்க. முதல் 'ஸ'வுக்கு அரை அடி முன்னாடி அந்தச் சொட்டு, அதோட முடிஞ்சுது. 200 Hz-க்குக் கீழ வெட்டிடுங்க, அங்க காத்து மோதுற சத்தம் மட்டும்தான் இருக்கும். வீட்டு வாளியில நீங்களே பதிவு பண்ணுங்களேன், உரிமக் கவலையே வேண்டாம். ஃபேனை மட்டும் நிறுத்திடுங்க.

மிக்ஸர் மணி
இப்போது சேர்க்கும் வேலை. ஆடாசிட்டியில் மேலே இசைத் தடம், கீழே குரல் தடம். குரல் வரும்போது இசையைத் தானே தணிக்கும் Auto Duck போடச் சொல்வார்கள் பலரும். நீண்ட பேச்சுக்கு அது நல்லது, 4 விநாடி வரிக்கு வேண்டாம். "மதகடி"க்குப் பிறகு வரும் இடைவெளியில் இசை ஏறி இறங்கி மூச்சு வாங்கும். அமைப்பில் இடைவெளி அளவைக் கூட்டினால் அது போகும், ஆனால் கையால் செய்வதே விரைவு.

Envelope கருவியை எடுத்து, இசைத் தடத்தில் 2.5 விநாடியில் ஒரு புள்ளி, 2.8இல் ஒன்று, 7.2இல் ஒன்று, 7.5இல் ஒன்று வையுங்கள். நடு இரண்டையும் கீழே இழுத்தால் பின்னணி பள்ளமாகும். காதில் படும் சத்தத்தை அளக்கும் LUFS கணக்கில் குரல் −16 அருகே இருந்தால் அந்தப் பள்ளத்தில் இசை −28 பக்கம் இருக்கட்டும். மெட்டு அங்கே இல்லாததால் இதுவே தாராளம். குரல் இன்னும் புதைந்து கேட்டால் ஒலியைக் குறைப்பதற்கு முன், பேட் ஓசையில் 2 kHz சுற்றி 4 dB இறக்கிப் பாருங்கள். மெய்யெழுத்துகள் தெளிவது அந்த இடத்தில்தான்.

தம்பி சொன்ன Normalizeஐப் பற்றி: அது உச்சியை மட்டும் பார்க்கும், காதுக்கு எவ்வளவு சத்தம் என்று பார்க்காது. கலிம்பாவுக்கு உச்சி கூர்மை, குரலுக்கு அவ்வளவு இல்லை. இரண்டையும் 0 dBக்கு ஏற்றினாலும் சமமாகக் கேட்காது. MP3 ஆகும்போது 0ஐத் தாண்டிக் கரகரக்கவும் செய்யும். நீங்கள் பார்க்க வேண்டியது LUFS. முழு அத்தியாயத்துக்கு ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைப்பது −16, ஒரு dB கூடக் குறைய, உச்சி −1 dBக்குள்.

இசைத்துண்டைத் தனியாக அளக்க:

```
ffmpeg -i jingle.wav -af ebur128=peak=true -f null -
```

கடைசியில் வரும் Summaryஇல் `I:` என்ற வரியைப் பாருங்கள். அது −18, −19 இருக்குமாறு விடுங்கள், பேச்சு −16.

தம்பி டிஜே
ஏன் அண்ணா ரெண்டுமே −16 வெச்சா என்ன? ஒரே லெவல்னுதானே எல்லாரும் சொல்றாங்க.

மிக்ஸர் மணி
எண் ஒன்றாக இருந்தாலும் காதில் ஒன்றாகப் படாது. பேச்சின் அளவுக்குப் பழகிய காதில், முந்தைய அத்தியாயம் முடிந்து அடுத்ததின் இசை படாரென்று விழும்போது கை வால்யூமுக்குப் போகும். குறிப்பாக ஹெட்போனில். 2, 3 dB கீழே வைப்பது என் பழக்கம், விதியில்லை. உங்கள் காதில் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சேர்த்தபின் முழு அத்தியாயத்துக்கும் ஒரே முறை Loudness Normalization −16. அந்தக் கட்டளை உச்சியைக் காவல் காக்காது, மேலே முட்டினால் முட்டியபடியே விடும். பின்னாலேயே ஒரு Limiter −1 dBக்குப் போடுங்கள். மோனோவில் வெளியிடுவதாக இருந்தால் அதிலுள்ள "Treat mono as dual-mono" குறி இருக்கட்டும், இல்லையென்றால் 3 dB கணக்கு தவறும்.

ஏரிக்கரை
கலாவின் மெட்டைப் போட்டுவிட்டேன், வாளிச் சொட்டும் சேர்த்தாயிற்று. குரல் வரி 3.9 விநாடி. நன்றாகவே வருகிறது. இரண்டு பிரச்சினை. கடைசி ஸட்ஜம் ரீங்காரத்தோடு அடங்காமல் 10ஆவது விநாடியில் கத்தரித்ததுபோல் நிற்கிறது. இன்னொன்று, ஹெட்போனில் அகலமாகக் கேட்கும் பேட் போன் ஸ்பீக்கரில் காணவே காணோம்.

மிக்ஸர் மணி
முதலாவது: LMMS வெளியெடுக்கும் சாளரத்தில் Export as loop என்பதில் குறி இருக்கும், எடுத்துவிடுங்கள். அது கடைசி ஆவர்த்தம் முடிந்த கணத்திலேயே வெட்டிவிடும். இல்லாவிட்டால் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு ரீங்காரத்தையும் எழுதும். அதையும் நீள விடாதீர்கள், 1.5 விநாடிக்குள் ஆடாசிட்டியில் Studio Fade Out கொடுங்கள்.

இரண்டாவது: பேடில் ஏதோ அகலப்படுத்தும் விளைவு போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இடது வலது இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அசைந்தால் மோனோவில் கூட்டும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆடாசிட்டியில் Mix Stereo Down to Mono போட்டுக் கேளுங்கள். அதிலேயே காணாமல் போனால் காரணம் இதுதான், விளைவை எடுத்துவிடுங்கள். மோனோவில் நன்றாக இருந்து போனில் மட்டும் இல்லையென்றால் பேட் மிகக் கீழ்ஸ்தாயியில் இருக்கிறது, ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள்.

ஏரிக்கரை
மோனோவிலேயே காணாமல் போகிறது. விளைவை எடுத்ததும் திரும்பிவிட்டது. நன்றி.

ஐபோன் அருள்
ஒன்று சொல்லட்டுமா? 10 விநாடியே அதிகம். நான் 4 விநாடி வைத்திருக்கிறேன். நேராகப் பேச்சு, பிறகு பெயர். வாராவாரம் கேட்பவர் இதையெல்லாம் தள்ளிவிட்டுத்தான் போவார்.

கீபோர்டு கலா
தள்ளினா பல செயலிகள் 30 செகண்டு தாவும், அப்போ உங்க முதல் பேச்சும் சேர்ந்து போயிடும். 10 செகண்டுக்காக யாரும் தாவ மாட்டாங்கன்றது என் கணக்கு. வேணும்னா நாலாவது ஆவர்த்தத்தை மட்டும் வெட்டித் தனியா வெச்சுக்கோங்க, க ரி ஸ. நடுவுல தலைப்பு மாறும்போது அதைப் போட்டா அதே நிகழ்ச்சின்னு காது பிடிச்சுக்கும்.

ஐபோன் அருள்
பத்தாவது அத்தியாயத்தில் பேசுவோம்.

லோகோ லதா
சட்டப்புள்ளி, இன்னொரு சந்தேகம். CC BY-SA இசைக்கு மேல குரல் வெச்சா முழு அத்தியாயமும் அதே உரிமத்துல போகணுமா?

சட்டப்புள்ளி
வீடியோவுக்கு உரிம வாசகம் தெளிவு: அசையும் படத்தோடு இசையை நேரம் பொருத்தினால் அது தழுவல், அதே உரிமம் பொருந்தும். ஆகவே யூடியூப்பில் போடும் வடிவத்துக்கு ஆமாம். ஒலி மட்டும் என்றால், மாற்றாத இசையைப் பேச்சுக்கு முன் ஒட்டுவது வெறும் தொகுப்பு என்று வாதாடலாம். அதை வெட்டி, தணித்து, மேலே குரல் பேசினால் தழுவல் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது பக்கம்தான் கனமாகத் தெரிகிறது.

மிக்ஸர் மணி
ஏரிக்கரை, முடித்ததும் LMMS திட்டக் கோப்பு, சவுண்ட்ஃபான்ட், குரல் இல்லாத WAV, குரலோடு WAV நான்கையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். சவுண்ட்ஃபான்டின் உரிமக் கோப்பையும் அதிலேயே போடுங்கள். பெயரின் துணைவரியை மாற்ற நினைத்தால் குரல் இல்லாத WAV ஒன்றே போதும்.

தம்பி டிஜே
ஒரு டவுட்டு அண்ணா, குரல் வரிக்கு எக்கோ போடலாமா?

மிக்ஸர் மணி
பெயருக்கு மட்டும், கொஞ்சமாக. வரி முழுக்கப் போட்டால் "தேங்கிய" காதில் "தேய்" என்று நின்றுவிடும்.